50 சதவீதமா, 45 சதவீதமா? வீட்டுப் பங்கும் கெடுவும் எழுதும் விதத்தில்தான் இருக்கிறது

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் என் சித்தப்பாவுக்கு 20 சென்ட் இடமும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று, அதாவது கூட்டு மேம்பாட்டுக்கு, இரண்டு பில்டர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்த வரைவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் வரைவு 50 சதவீதமும் 25 லட்சம் அட்வான்ஸும் தருகிறது. இரண்டாவது 45 சதவீதமும் 10 லட்சமும். தெருவில் யாரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் கைகாட்டினார்கள். பத்திரங்களை வாசித்துப் பழகியவன் என்பதால் சித்தப்பா இரண்டையும் என்னிடம் தந்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இடத்தின் அளவு. 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. உயரமான கட்டடம் அல்லாத குடியிருப்புக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி நிலப்பரப்பில் இரண்டு மடங்கு கட்டலாம். அதாவது 17,424 சதுர அடி வரை. இரண்டு பில்டர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் 16. மாடிக்கு இரண்டு வீடு 950 சதுர அடி, இரண்டு வீடு 1,150 சதுர அடி. ஒரு மாடிக்கு 4,200, நான்கு மாடிக்கு 16,800 சதுர அடி.

இனி முதல் வரைவின் பங்கு ஷரத்து. "மொத்த வீடுகளில் 50 சதவீதம், அதாவது எட்டு வீடுகள் நில உரிமையாளருக்கு." அவ்வளவுதான். எந்த எட்டு வீடு, எந்த மாடி, எத்தனை சதுர அடி, எதுவும் இல்லை. எட்டும் சின்ன வீடாகவே வந்தால் 7,600 சதுர அடி. சின்னதும் பெரியதும் சமமாகக் கலந்து வந்தால் 8,400. நடுவில் 800 சதுர அடி நிற்கிறது. விலையைச் சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (கணக்குக்காக நான் வைக்கும் எண் இது) அது 40 லட்சம். எட்டு வீடு என்ற சொல்லை ஒரு எழுத்துகூட மீறாமல் 40 லட்சத்தைக் கையைவிட்டுப் போகச் செய்யலாம்.

இரண்டாவது வரைவு பரப்பில் பேசுகிறது. "விற்கத்தக்க மொத்தப் பரப்பில் 45 சதவீதம்." அது 7,560 சதுர அடி. கூடவே ஒரு மாதிரி வரைபடத்தை இணைத்து, முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் உள்ள நான்கு பெரிய வீடுகளும் மூன்று சின்ன வீடுகளும் என்று எண் போட்டுக் குறித்திருக்கிறார்கள். அது 7,450 சதுர அடி. மிச்சம் 110 சதுர அடிக்குச் சதுர அடி 5,000 வீதம் 5.5 லட்சம் பணமாகத் தருவதாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முதல் வரைவு உறுதியாகத் தருவது 7,600 சதுர அடி. இரண்டாவது தருவது பணத்தையும் சேர்த்து 7,560-க்குச் சமம். 50-க்கும் 45-க்கும் உள்ள நிஜ வித்தியாசம் 40 சதுர அடி, ஒரு குளியலறை அளவு. அந்த 40 சதுர அடியும் எந்தத் திசையில், எந்த மாடியில் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம்ம ஊர் வெயிலில் மேல்மாடியில் மேற்குப் பார்த்த வீட்டுக்கும் முதல் மாடியில் கிழக்குப் பார்த்த வீட்டுக்கும் விலையும் வாடகையும் ஒன்றாக இருக்காது. வீட்டு எண் எழுதாத ஒப்பந்தத்தில் விற்காமல் தேங்கும் வீடுகள் நில உரிமையாளர் தலையில் வந்து விழும்.

முதல் பில்டரிடம் இதைக் கேட்டோம். "அதெல்லாம் பிளான் அப்ரூவல் வந்த பொறவு பேசிக்கிடலாம் அண்ணாச்சி" என்றார். பிளான் இறுதியாகாமல் வீட்டு எண் எழுத முடியாது என்று அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. அனுமதி வந்த ஏழு நாளுக்குள் உரிமையாளர் முதலில் ஒரு வீட்டைத் தேர்வு செய்வார், அடுத்து பில்டர் ஒன்று, மறுபடி உரிமையாளர், இப்படி மாறிமாறி எடுத்துக்கொள்வது என்று ஒரு வரி எழுதினால் போதும். யாருக்கும் நட்டமில்லை. அந்த வரியைச் சேர்க்க அவர் சம்மதித்திருந்தால் முதல் வரைவுக்கு 8,400 சதுர அடி கிடைத்திருக்கும். பங்கைப் பொறுத்தவரை நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பேன். அவர் சம்மதிக்கவில்லை.

வீட்டோடு நிலத்தையும் பார்க்க வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் உள்ள மொத்த நிலத்தில் ஒரு பிரிபடாத பாகம் உண்டு. யூடிஎஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 8,712 சதுர அடியை 16,800-க்குப் பிரித்தால் 950 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 493, 1,150 சதுர அடி வீட்டுக்கு 596 வரும். சித்தப்பாவின் ஏழு வீட்டுக்கு 3,863 சதுர அடி நிலம் அவர் பெயரிலேயே நிற்க வேண்டும். பில்டர் தன் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து விற்கக்கூடியது மீதியுள்ள 4,849 மட்டுமே. இரண்டாவது வரைவில் இந்த உச்சவரம்பு எண்ணாகவே இருக்கிறது. முதல் வரைவில் மொத்த இடத்துக்கும் நம் சார்பில் விற்கும் பவர் பத்திரம் கேட்கிறார்கள், வரம்பு இல்லை. பில்டர் தன்னிடம் வாங்குபவர்களுக்கு யூடிஎஸ்ஸைத் தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டால், கடைசியில் உரிமையாளர் வீடுகளுக்கு மிஞ்சுவது குறையும். முப்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும்போது இது பெரிய தொகையாகத் தெரியும்.

கூடுதல் மாடி பற்றியும் ஒரு சொல். பிறகு பணம் கட்டிக் கூடுதல் பரப்புக்கான அனுமதி, அதாவது பிரீமியம் எஃப்எஸ்ஐ, வாங்கி இன்னொரு மாடி எழுப்பினால்? முதல் வரைவில் உரிமையாளருக்கு எட்டு வீடுதான், வீடு இருபது ஆனாலும். இரண்டாவதில் கூடும் பரப்பிலும் அதே 45 சதவீதம்.

அப்புறம் ஜிஎஸ்டி. நில உரிமையாளர் பங்குக்கு வரும் வீடுகளையும் பில்டர் செய்து கொடுக்கும் கட்டுமானச் சேவையாகவே வரித்துறை பார்க்கிறது. நம்ம கணக்கில் 950 சதுர அடி வீடே 47.5 லட்சம், மலிவு விலை வீட்டுக்கான 45 லட்ச வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால் 5 சதவீதம். 3.8 கோடி மதிப்பு வீடுகளுக்கு 19 லட்சம். முதல் வரைவில், கடைசிப் பக்கத்தில், "வரிகள் அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு" என்று ஒரே வரி. இரண்டாவதில் உரிமையாளர் வீடுகளின் ஜிஎஸ்டியையும் பில்டரே ஏற்கிறார். 40 சதுர அடிக்காக, அதாவது 2 லட்சத்துக்காக, 19 லட்சத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். பங்கு விஷயத்தில் எனக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

கெடு விஷயம் இன்னும் முக்கியம். ஏன் என்று சொல்ல மூன்றாவது வழியான நேரடி விற்பனையைக் கொஞ்சம் பார்க்கலாம். சென்ட் 15 லட்சம் என்று வைத்தால் இடத்தை இன்றைக்கே 3 கோடிக்கு விற்றுவிடலாம். 7 சதவீத வட்டியில் போட்டாலும் வருஷத்துக்கு 21 லட்சம், மூன்று வருஷத்தில் கையில் 3.63 கோடி. இரண்டாவது வரைவின்படி மூன்று வருஷம் கழித்துக் கிடைப்பது பணத்தையும் சேர்த்து 3.78 கோடி மதிப்பு. வித்தியாசம் 15 லட்சம்தான். ஒன்பது மாதம் தாமதமானால் வட்டிக் கணக்கிலேயே அது கரைந்துவிடும். வீட்டு விலை ஏறலாம், இரண்டு பக்கமும் வருமான வரி உண்டு, இது தோராயம்தான். ஆனாலும் பணம்தான் குறி என்றால் விற்றுவிடுவதே மேல் என்பது என் கருத்து. சித்தப்பாவுக்கு அதே தெருவில் இருக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கே வீடு வேண்டும், மிச்சத்தில் வாடகை வர வேண்டும். அவருக்குக் கூட்டு மேம்பாடு பொருந்தும். தாமதம் ஆகாதவரை.

முதல் வரைவில் கெடு இப்படி: "பிளான் அனுமதி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம், கூடுதலாக ஆறு மாதம்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அனுமதி வாங்க எந்தக் கெடுவும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு ஷரத்து சொல்கிறது. மாதம் 15,000 வாடகை தருவார்கள், ஆனால் 18 மாதத்துக்கு மட்டும். அனுமதிக்கு 14 மாதம் ஆனது என்று வையுங்கள். 14, 24, 6, மொத்தம் 44 மாதம். அதில் 26 மாத வாடகை, 3.9 லட்சம், சித்தப்பா கைக்காசு. இத்தனையும் ஒப்பந்தத்தை மீறாமலே நடக்கும். பில்டர் மீது குற்றம் சொல்லக்கூட இடமிருக்காது.

இரண்டாவது வரைவில் கெடு படிப்படியாக வருகிறது. புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு ஆயுள் 90 நாள். அதற்குள் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்து, கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் இது தானாகவே காலாவதி. பதிவிலிருந்து எட்டு மாதத்துக்குள் பிளான் அனுமதியும், கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தின் பதிவும் வர வேண்டும். வராவிட்டால் உரிமையாளர் ரத்து செய்யலாம். அவை வந்த பிறகு ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்வது. அன்றிலிருந்து 24 மாதம் கட்டுமானம், மூன்று மாதம் சலுகை. எப்படிப் பார்த்தாலும் பதிவு நாளிலிருந்து 36 மாதம் கடைசி எல்லை. வாடகை, சாவி கைக்கு வரும் மாதம் வரை.

காலி செய்யும் நாளை அனுமதிக்குப் பின்னால் தள்ளியதுதான் இதில் உயிர்நாடி. கூரையோடு வீடு நிற்கும்வரை பேரம் பேச நமக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது. இடித்துவிட்டால் வெறும் மண், பில்டரின் பலகை, காவலாளி.

ரெரா பற்றியும் சொல்ல வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ பதிவு கட்டாயம். சித்தப்பா இடம் 809 சதுர மீட்டர், வீடு 16. தப்ப முடியாது. பதிவில் பில்டர் ஒரு முடிவுத் தேதியைத் தானே எழுதிக் கொடுக்கிறார். அது இணையதளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் 24 மாதம், ரெராவில் 48 மாதம் என்று இருந்தால் எதை நம்பி வேலை நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியை நாங்கள் சேர்க்கச் சொன்னோம். இந்தப் பில்டர் முன்பு கட்டியவற்றையும் அதே இணையதளத்தில் பார்த்தோம்: எழுதிக்கொடுத்த தேதி எது, நீட்டிப்பு வாங்கினாரா என்று. ஒருவர் கெடுவைக் காப்பாற்றுவாரா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கெடுவைத் தின்றுவிடும் இன்னொரு இடம் "தவிர்க்க இயலாத காரணங்கள்" என்ற ஷரத்து. முதல் வரைவில் அந்தப் பட்டியலில் மழை, ஆள் தட்டுப்பாடு, பொருள் தட்டுப்பாடு, அரசு அலுவலகத் தாமதம் எல்லாம் இருந்தன. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் வரத்தான் செய்யும். அதைக் கணக்கில் வைத்துத்தான் 24 மாதம் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அது வேறு. அதற்கு நாள் விட்டுக்கொடுக்கலாம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரி விபத்துக்குப் பின் குவாரிகளில் ஆய்வு நடந்தபோது ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் திண்டாட்டமானது, அதுவும் பில்டர் கையில் இல்லாத விஷயம்தான். அதனால் இரண்டாவது வரைவில் திருத்தி எழுதியது இது: வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ, அரசாணையால் மாவட்டம் முழுக்க நின்றுபோன வேலை ஆகியவை மட்டும், நடந்த 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நின்ற நாட்கள் மட்டுமே கூடும்.

முடிந்தது என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும். "கட்டடப் பணி நிறைவு" என்று மட்டும் இருந்தால் பூச்சு முடிந்ததும் சாவியைத் தந்துவிடுவார்கள். லிஃப்ட் ஓடாது, மீட்டர் இருக்காது. முடிவுச் சான்றிதழ் கைக்கு வந்து, மின் இணைப்பும் தண்ணீரும் லிஃப்டும் ஓடும் நாள்தான் ஒப்படைக்கும் நாள் என்று எழுதினோம். வருமான வரிக்கும் இந்தச் சான்றிதழ் தேதி முக்கியம். 2017-ல் வந்த விதிப்படி, தனிநபரோ கூட்டுக்குடும்பமோ இப்படி நிலம் கொடுத்தால் மூலதன ஆதாய வரி ஒப்பந்தம் போட்ட வருஷத்தில் வராது. முடிவுச் சான்றிதழ் வரும் வருஷத்தில்தான் வரும். ஆனால் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பதிவில்லாத எம்ஓயுவை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தால் இந்தச் சலுகை கிடைக்காது. சான்றிதழுக்கு முன்பே தன் பங்கை விற்றாலும் போய்விடும்.

தாமதமானால் என்ன? முதல் வரைவில் "பேசித் தீர்த்துக்கொள்வது". இரண்டாவதில் சலுகை மாதம் முடிந்த பிறகு வீட்டுக்கு மாதம் 12,000 வீதம் ஏழு வீட்டுக்கு 84,000. நல்லதுதான். ஆனாலும் முடங்கிப்போன பில்டரிடம் அபராதம் வசூலிக்கக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதைவிட வலுவான பிடி பவரில் இருக்கிறது. பில்டருக்கு ஒன்பது வீடு விற்க வேண்டும், அதற்கு உரிமையாளரின் பவர் வேண்டும். அதை ஒரேயடியாகத் தராமல் வேலையோடு சேர்த்துத் தருவது என்று நாங்கள் கேட்டோம். அஸ்திவாரமும் ஸ்டில்ட் கூரையும் முடிந்தால் மூன்று வீடு, நான்காம் மாடி கூரை போட்டதும் இன்னும் நான்கு வீடு, கடைசி இரண்டு வீடு சித்தப்பாவின் ஏழு வீடும் ஒப்படைத்த பிறகு. அந்த இரண்டு வீட்டில் பில்டருடைய லாபத்தில் பெரும்பகுதி நிற்கும். தானாகவே வேலையை முடிப்பார்.

முதல் வரைவில் கையெழுத்து அன்றே முழு பவரும் மூலப் பத்திரங்களும் கேட்டார்கள். இதற்கு எவ்வளவு அட்வான்ஸ் தந்தாலும் சம்மதிக்கக் கூடாது. அசல் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியில் வைத்தால் அடமானம் ஆகிவிடும். அசல் நம் வக்கீலிடம் இருக்கட்டும், தேவைப்படும்போது அவரே கொண்டுவந்து காட்டட்டும். பில்டர் கடன் வாங்குவதானால் தன் பங்கின் மேல் மட்டும். அந்த 25 லட்சமும் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ்தான். "வீடு ஒப்படைக்கும் முன் திருப்பித் தர வேண்டும்" என்று இருந்தது. பிள்ளை கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்ட ஒருவர் சாவிக்காக அதைப் புரட்ட வேண்டிவரும். 10 லட்சம் சிறியது, ஆனால் அதில் "திருப்பித் தர வேண்டாம்" என்றிருக்கிறது.

இரண்டாவது வரைவிலும் குறை இருந்தது. காலாவதி ஷரத்தில் 90 நாளுக்குப் பிறகு அட்வான்ஸ் என்ன ஆகும் என்று இல்லை. சித்தப்பா தரப்பில் உரிமைக் குறை இருந்தால் மட்டும் திருப்பித் தருவது என்று சேர்த்தோம். அப்பா வழிச் சொத்து என்பதால் நாகர்கோவிலில் இருக்கும் அத்தையும் கையெழுத்திட வேண்டும் என்று வக்கீல் சொன்னார், அதையும் சேர்த்தோம். பதிவில்லாத எம்ஓயுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காலாவதித் தேதி இல்லாத ஒரு காகிதத்தை வைத்து வழக்குப் போட்டு இடத்தை வருஷக்கணக்கில் முடக்கிப் போட முடியும்.

இந்தத் திருத்தங்களோடு சித்தப்பா இரண்டாவது வரைவில் கையெழுத்திட்டார். பவரைப் பிரித்துத் தருவதற்குப் பில்டர் முதலில் மறுத்தார். முதல் தவணையை மூன்றிலிருந்து நான்கு வீடாக்கி, அடுத்ததை மூன்றாக்கியதும் ஒப்புக்கொண்டார். கடைசி இரண்டில் நாங்கள் இறங்கவில்லை. வாடகையை வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றித் தரும்படி கேட்டதை மட்டும் அவர் ஏற்கவில்லை, அதை விட்டுக்கொடுத்தோம்.